கேம் கஷ்டமா, காத்திருப்பு கஷ்டமா? கடினத்தை அமைப்பதற்கு ஒரு வழிகாட்டி

தனி ஆளாக ஒரு சின்ன 2டி பிளாட்ஃபார்மர் கேம் செய்துகொண்டிருந்தேன். மொத்தம் 24 அறைகள், ஓடுவது, தாவுவது, ரம்பத்திலும் முள்ளிலும் மாட்டாமல் தப்பிப்பது, அவ்வளவுதான். விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "ரொம்பக் கஷ்டம்" என்றார்கள். அதை நம்பி, ஆட்டக்காரரின் திறமைக்கு ஏற்ப கேம் தானே இளகும் டைனமிக் டிஃபிகல்ட்டியை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். அத்தனையையும் பிறகு அழிக்க வேண்டியதாயிற்று. பிரச்சினை கடினத்தில் இல்லை, செத்த பிறகு திரும்பி வர எடுத்த நேரத்தில் இருந்தது. நீங்கள் அந்த மூன்று வாரத்தை இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் பயன்படுத்தியது கோடோ 4 எஞ்சின். வேறு எஞ்சினில் செய்பவர்களுக்கும் வரிசை இதேதான்.

1. முதலில் ஒரு சாவுக் கணக்கு வையுங்கள்

கடினத்தைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டிய ஆவணம் இதுதான். எந்த அறையில், எந்த இடத்தில், எதனால், எப்போது செத்தார்கள் என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி. அரை நாள் வேலை.

```gdscript
func log_death(room, pos, cause):
    var path = "user://deaths.csv"
    var mode = FileAccess.WRITE
    if FileAccess.file_exists(path):
        mode = FileAccess.READ_WRITE
    var f = FileAccess.open(path, mode)
    f.seek_end()
    f.store_line("%d,%s,%d,%d,%s" % [Time.get_ticks_msec(), room, pos.x, pos.y, cause])
```

இதில் முதல் பொறி: `WRITE` என்று மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் பழைய கோப்பு அழிந்துவிடும். `READ_WRITE` மட்டும் கொடுத்தால் கோப்பு இல்லாதபோது அதை உருவாக்காது. அதனால்தான் மேலே இரண்டையும் பார்த்துத் திறக்கிறேன். ஒவ்வொருவர் விளையாடி முடித்ததும் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.

ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போகும் நேரத்தையும் இதேபோல ஒரு வரியாக எழுதச் செய்யுங்கள். கடைசியாகச் செத்ததற்கும் நிறுத்தியதற்கும் இடையே எத்தனை நொடி என்பது பின்னால் மிகவும் உதவும்.

2. செத்த நொடியிலிருந்து கட்டுப்பாடு கைக்கு வரும் வரை அளந்து பாருங்கள்

கைபேசியால் திரையைப் படம் பிடியுங்கள். பாத்திரம் முள்ளைத் தொட்ட ஃபிரேமிலிருந்து, பொத்தானை அழுத்தினால் அது அசையும் முதல் ஃபிரேம் வரை எண்ணுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும் வீடியோவில் 36 ஃபிரேம் என்றால் 0.6 நொடி.

என் ஏழாம் அறையில் எண்ணியபோது கிடைத்தது இது. சாகும் அனிமேஷன் 1.4 நொடி, திரை கறுக்க 0.6, "மீண்டும் முயலவா?" பெட்டி வந்து அதை ஆட்டக்காரர் அழுத்த 1.5, அறை லோடு ஆக 0.8, திரை வெளுக்க 0.6. கூட்டினால் 4.9 நொடி. இது ஒரு பகுதிதான். செக்பாயிண்ட் அறையின் வாசலில் இருந்ததால் ரம்பம் இருக்கும் இடத்துக்கு ஓடிவர இன்னும் 9 நொடி. ஆக, ஒரு சாவுக்கு 13.9 நொடி. அந்தக் கஷ்டமான தாவல் எடுப்பதோ மூன்றே நொடி.

ஒருவர் அந்த இடத்தில் 30 தடவை சாகிறார் என்று வையுங்கள். இப்படிப்பட்ட கேமில் அது சாதாரணம். கிட்டத்தட்ட ஏழு நிமிடம் அவர் விளையாடவே இல்லை, காத்திருந்தார், ஏற்கெனவே தெரிந்த வழியில் ஓடினார். அவர் "கஷ்டம்" என்று சொல்வது இந்த ஏழு நிமிடத்தை. 2010-ல் வந்த சூப்பர் மீட் பாய் கேமில் சாவுக்குக் குறைவே கிடையாது, ஆனால் செத்த கணமே திரும்ப நிற்கலாம். அது கடுமையாக இருந்தும் மக்கள் விடாமல் ஆடியதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இலக்கு வேண்டுமென்றால் என் கணக்கைச் சொல்கிறேன். கட்டுப்பாடு ஒரு நொடிக்குள் கைக்கு வர வேண்டும். ஆபத்து இருக்கும் இடத்துக்கு மூன்று நொடிக்குள் போய்ச் சேர வேண்டும். பெட்டி எதுவும் வந்து அனுமதி கேட்கக் கூடாது.

3. அறையை மறுபடி லோடு செய்யாதீர்கள், பழைய நிலைக்குத் திருப்புங்கள்

பயிற்சி வீடியோக்களில் பெரும்பாலும் `get_tree().reload_current_scene()` என்ற ஒரே வரியைத்தான் சொல்லித் தருவார்கள். சின்ன அறைக்கு அது போதும். அறை பெரிதானால் தடங்கல் தெரியும், இசையும் அந்தக் காட்சிக்குள் இருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். முப்பது தடவை செத்தால் பாட்டின் முதல் நான்கு நொடியை முப்பது தடவை கேட்க வேண்டும்.

அதற்குப் பதிலாக, அசையும் பொருள் ஒவ்வொன்றையும் ஒரு குழுவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு `reset` எழுதுங்கள்.

```gdscript
func restart_room():
    get_tree().call_group("resettable", "reset")
    player.global_position = checkpoint.global_position
    player.velocity = Vector2.ZERO
    player.jump_buffer = 0.0
    camera.reset_smoothing()
```

எனக்கு இது நான்கு நாள் பிடித்தது. இந்த ஐந்து வரிக்கு நேரம் ஆகவில்லை, 24 அறைகளிலும் எது எது திரும்ப மறுக்கிறது என்று தேடியதற்குத்தான் நாள் போனது. கவனிக்க வேண்டியவை இவை.

உடைந்து விழும் செங்கல்லை `queue_free()` செய்திருந்தால் அதைத் திருப்ப வழியில்லை, அது போயே போய்விட்டது. உடைந்ததும் மறைத்துவிட்டு, மோதல் வடிவத்தை மட்டும் அணைத்து வையுங்கள். `reset` வரும்போது மறுபடி காட்டிக்கொள்ளலாம்.

கதவு இரண்டு நொடி கழித்து மூட வேண்டும் என்று `await get_tree().create_timer(2.0).timeout` என்று எழுதியிருப்பீர்கள். ஆட்டக்காரர் நடுவில் செத்துத் திரும்பி வந்தாலும் பழைய முயற்சியின் அந்த டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். புது முயற்சியில் கதவு காரணமில்லாமல் முகத்தில் மூடும். இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது, ஏனென்றால் வேகமாகச் செத்தால் மட்டும்தான் வரும். இப்படிப்பட்ட இடங்களில் நிறுத்தக்கூடிய `Timer` நோடைப் போட்டு, `reset`-ல் `stop()` செய்யுங்கள். ட்வீன் இருந்தால் `kill()`.

சாகும்போது தாவல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால், அந்த அழுத்தம் நினைவில் தங்கி, உயிர் வந்ததும் பாத்திரம் தானாகத் தாவும். மேலே `jump_buffer`-ஐப் பூஜ்ஜியமாக்கியது அதற்காக.

அனிமேஷனைச் சுருக்கும்போது ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள். பாத்திரம் அடிபட்ட கணத்தில் படம் ஒரு 0.1 நொடி அப்படியே உறைந்து நிற்கட்டும். எதில் பட்டேன் என்று கண் பார்க்க அந்த இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் வேகம் இருந்தும் குழப்பமே மிஞ்சும். இப்போது என் கேமில் உறைவு 0.1, சிதறல் 0.3, திரை துடைப்பு 0.2, மொத்தம் 0.6 நொடி. செக்பாயிண்டை ரம்பத்துக்கு இரண்டு நொடித் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். 13.9 நொடி 2.6 ஆனது. அதே 30 சாவுக்கு ஏழு நிமிடம் போய் 78 நொடி.

4. ஒவ்வொரு முயற்சியும் ஒரே மாதிரி தொடங்க வேண்டும்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நியாயம் என்ற உணர்வு இங்கேதான் இருக்கிறது. பாத்திரத்தை மட்டும் செக்பாயிண்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, ரம்பத்தை ஓடியபடியே விட்டால் என்ன ஆகும்? ஒரு முயற்சியில் ரம்பம் இடது ஓரத்தில் இருக்கும், அடுத்ததில் நடுவில் இருக்கும். ஆட்டக்காரர் கற்றுக்கொண்டது எதுவும் அடுத்த முயற்சிக்கு உதவாது. தோற்றது தன் தவறு என்று அவருக்குத் தோன்றாது, அதிர்ஷ்டம் இல்லை என்றுதான் தோன்றும்.

```gdscript
func reset():
    t = 0.0
    position = start_pos
```

ரம்பத்தின் கடிகாரம் `t` ஒவ்வொரு தடவையும் பூஜ்ஜியத்திலிருந்து ஓடட்டும். "ஒன்று, இரண்டு, தாவு" என்று ஆட்டக்காரர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தால் அறை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

5. டைனமிக் டிஃபிகல்ட்டி உங்கள் கேமுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

நான் எழுதியது எளிமையானது. ஒரே அறையில் ஆறு தடவை செத்தால் ரம்பத்தின் வேகம் 10% குறையும், பன்னிரண்டு தடவை என்றால் 20%. யாருக்கும் சொல்லவில்லை. என் அக்கா மகளை உட்கார வைத்து ஆடச் சொன்னேன். ஏழாம் அறையில் ஐந்து தடவை செத்தாள், ஒவ்வொரு தடவையும் முன்பைவிட ஒரு படி தள்ளிப் போய்த்தான் செத்தாள். ஆறாவது சாவுக்குப் பிறகு வேகம் குறைந்தது. உடனே முதல் ரம்பத்திலேயே மாட்டினாள். அடுத்ததும் அதிலேயே. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, "மாமா, நான் எண்ணி வெச்சிருந்தேன். இப்ப அது லேட்டா வருது. ஏன் மாத்துது?" என்று கேட்டாள்.

அவளுக்கு உதவ நான் செய்த காரியம் அவள் கற்றதை அழித்துவிட்டது. எண்ணி, பழகி, தாளம் பிடித்துக் கடக்க வேண்டிய கேமில் ஆபத்தின் நேரத்தை ரகசியமாக மாற்றக் கூடாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

அப்படியானால் இது எங்கே பொருந்துகிறது? மனப்பாடம் செய்ய எதுவும் இல்லாத இடத்தில். 2008-ல் வால்வ் வெளியிட்ட லெஃப்ட் 4 டெட் கேமில் ஜாம்பிகள் எங்கே, எப்போது, எத்தனை வரும் என்பதை ஒரு இயக்குநர் நிரல் முடிவு செய்கிறது. ஆட்டக்காரர்கள் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார்கள் என்று பார்த்து, உச்சம் போனதும் கொஞ்சம் மூச்சுவிட விடும். ஒவ்வொரு ஆட்டமும் எப்படியும் வேறு மாதிரி இருப்பதால் அந்த மாற்றம் யாருடைய பழக்கத்தையும் கெடுக்காது. 2005-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 திரைக்குப் பின்னால் ஆட்டக்காரரின் நிலையைக் கணக்கு வைத்து, தடுமாறுபவருக்கு எதிரிகளை இளக்குகிறது. சுடுகிற கேமில் எதிரி ஒரு குண்டு குறைவாகத் தாங்கினால் கை பழகிய தாளம் கெடாது.

மறைவாக வைப்பதில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கேம் ஆளைத் தவறாகப் படிக்கும். ஒருவர் ஒளித்துவைத்த நாணயத்தைத் தேடிப் பள்ளத்தில் ஐந்து தடவை குதித்துப் பார்ப்பார், திணறுகிறார் என்று நினைத்து கேம் இளகும். இரண்டாவது, ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டால் வேண்டுமென்றே செத்து எளிதாக்கிக்கொள்வார்கள், அதன்பின் அவர்களுக்கே வெற்றி ருசிக்காது. 2006-ல் வந்த காட் ஹேண்ட் இதை நேராகவே எதிர்கொண்டது. கடினத்தின் அளவைத் திரையிலேயே காட்டியது. நன்றாக ஆடினால் ஏறும், அடி வாங்கினால் இறங்கும். மறைக்காததால் அதை ஏற்றுவதே ஒரு விளையாட்டாகிவிட்டது.

6. தேர்ந்தெடுக்கும் மோடுகளைக் குமிழ்களாகப் பிரியுங்கள்

ஈஸி, நார்மல், ஹார்டு என்று மூன்று பெயரை முதல் திரையில் வைத்துக் கேட்பதுதான் வழக்கம். இன்னும் ஒரு தாவல்கூடத் தாவாதவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்? அதோடு, மூன்று மோடு என்றால் 24 அறைகளையும் மூன்று தடவை சோதிக்க வேண்டும், 72 சோதனை. தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது.

2018-ல் வந்த செலெஸ்ட் கேமின் உதவி மோடை எடுத்துக் காட்டாக வைத்துக்கொள்ளலாம். அதில் ஆட்ட வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், பிடிமானச் சக்தி தீராமல் வைக்கலாம், காற்றில் பாயும் எண்ணிக்கையைக் கூட்டலாம், அடிபடாமலும் இருக்கலாம். எது தன்னைத் தடுக்கிறதோ அதை மட்டும் ஆட்டக்காரர் மாற்றிக்கொள்கிறார். அறை அதே அறைதான். வேகத்தைக் குறைத்தாலும் ரம்பத்துக்கும் பாத்திரத்துக்கும் உள்ள தாளம் மாறாது, எல்லாம் சேர்ந்து மெதுவாகிறது. நான் ரம்பத்தை மட்டும் மெதுவாக்கியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

நான் இப்படித் தனித்தனியாகத் திருப்பக்கூடிய மூன்று குமிழ் வைத்தேன்: வேகம் 100% முதல் 60% வரை, அறைக்கு ஒரு அடி தாங்கும் கவசம், தரையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் தாவ அனுமதிக்கும் நேரம். நிறுத்தத் திரையில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எழுத இரண்டு நாள், சோதிக்க மூன்று நாள்.

வேகத்துக்கு `Engine.time_scale` போதும், ஆனால் அதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒலியின் வேகம் இதனால் மாறாது. இசைக்கு அது நல்லதுதான், ஆனால் ரம்பம் வரும் சத்தத்தைக் காட்சியோடு ஒட்டி வைத்திருந்தால் விலகும். அடுத்து, திரும்பி வரும் நேரமும் இழுபடும். 70% வேகத்தில் 0.6 நொடி 0.86 ஆகிவிடும். உதவி கேட்டவரை அதிகம் காத்திருக்க வைப்பது சரியில்லை, சாகும் கணத்தில் அளவை 1-க்குக் கொண்டுவந்து, உயிர் வந்ததும் திருப்புங்கள். மூன்றாவதாக, விளிம்பு நேரத்தை "6 ஃபிரேம்" என்று எண்ணி எழுதியிருந்தால் வேகம் குறைத்தாலும் அது நீளாது. `delta`-வைக் கழித்து நொடியில் எழுதுங்கள், அப்போது 0.1 நொடி தானாகவே நீளும்.

பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. 1992-ல் வந்த வோல்ஃபென்ஸ்டைன் 3டி எளிய மோடைத் தேர்ந்தெடுத்தவருக்குக் குழந்தைத் தொப்பி போட்ட முகத்தைக் காட்டியது. அந்த வழி வேண்டாம். பெயரே வைக்காமல், "வேகம்: 80%" என்று செய்வதைச் சொன்னால் போதும். உதவி பயன்படுத்தியவருக்கு முடிவுக் காட்சியைப் பூட்டுவதும் வேண்டாம்.

7. தானாக மாற்றாமல், சொல்லிவிட்டு விடுங்கள்

கேம் தானாக மாறுவதற்கும் ஆட்டக்காரரே தேடிப்போய் மாற்றுவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. 2009-ல் வந்த நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ ஒரு லெவலில் எட்டுத் தடவை செத்தால் பச்சைக் கட்டம் ஒன்றைக் காட்டும். வேண்டுமானால் அடித்து, கேமே ஆடிக் காட்டுவதைப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் போகலாம். 2020-ல் வந்த ஹேடீஸில் காட் மோடை நீங்களே இயக்கினால்தான் வேலை செய்யும். அடி 20% குறைவாக விழும், அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவுக்கும் 2% கூடி 80% வரை போகும். மாறுவது கேம், முடிவெடுப்பது ஆள்.

என் கேமில் ஒரே அறையில் சாவு ஒரு அளவைத் தாண்டினால் திரையின் மூலையில் "வேகத்தை மாற்ற: நிறுத்தத் திரை" என்று நான்கு நொடி வரும், அறைக்கு ஒரே தடவை. அளவை எப்படி முடிவு செய்வது? சாவுக் கணக்கில் அந்த அறையைக் கடந்தவர்களின் சாவு எண்ணிக்கைகளை ஏறுவரிசையில் வைத்து நடு எண்ணை எடுங்கள், அதை இரண்டால் பெருக்குங்கள். ஏழாம் அறைக்கு 14 வந்தது, அதனால் 28. எல்லா அறைக்கும் ஒரே எண்ணை வைத்தால் எளிய அறையில் மிகத் தாமதமாகவும் கடின அறையில் மிகச் சீக்கிரமாகவும் வரும்.

8. ஐந்து புது ஆட்களை வைத்துக் கணக்கைப் படியுங்கள்

ஏற்கெனவே ஆடியவர்கள் இதற்கு உதவ மாட்டார்கள், அவர்கள் கை பழகிவிட்டது. ஐந்து புதியவர்கள், ஆளுக்கு 40 நிமிடம். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள்.

பிறகு கோப்பைத் திறந்து, ஒவ்வொரு அறைக்கும் சாவு நடந்த இடத்தை வரிசையாகப் பாருங்கள். இடம் மெல்ல மெல்ல முன்னேறினால் அறை கஷ்டமானது, ஆனால் கற்றுக்கொள்ள முடிகிறது. கை வைக்க வேண்டாம். பத்துப் பதினைந்து தடவை ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் என்றால் அங்கே ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. செத்துச் சில நொடியிலேயே ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் திரும்பி வரும் நேரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.

ஏழாம் அறையில் முதல் சோதனையில் ஐந்து பேரில் மூன்று பேர் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ரம்பத்தின் வேகத்தைத் தொடாமல், மேலே 3, 4-ல் சொன்னவற்றைச் சரிசெய்து, 6-ல் சொன்ன குமிழ்களையும் வைத்த பிறகு, வேறு ஐந்து பேரும் கடந்தார்கள். ஆளுக்கு ஆள் சாவு எண்ணிக்கை முன்பைவிடக் கூடவே இருந்தது, யாரும் அதைச் சொல்லவே இல்லை. ஒருவர் மட்டும் வேகத்தை 80% ஆக்கிக்கொண்டார், அடுத்த அறையில் தானே 100-க்குத் திருப்பினார்.

பத்தொன்பதாம் அறைதான் இன்னும் மிஞ்சியது. நான்கு பேர் ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பச் செத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், மேலிருந்து இறங்கும் ரம்பம் திரைக்குள் வருவதற்கு முன்பே தாவ வேண்டியிருந்தது. கேமராவை 40 பிக்சல் மேலே தூக்கினேன், வேறெதையும் மாற்றவில்லை. அடுத்த சோதனையில் சாவு நடந்த இடங்கள் அந்தப் புள்ளியைத் தாண்டி நகர ஆரம்பித்திருந்தன.